குறைவாக எழுதினால் குறைவாகக் கேட்பார்களா? மதிப்பீட்டாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் சொத்து மதிப்பீட்டாளர் சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

நீதிமன்றத்துக்குப் போகும் மதிப்பீட்டு அறிக்கையும் இனி வங்கிக் கடனுக்குத் தருகிற அதே நான்கு பக்கப் படிவத்தில்தான் இருக்க வேண்டும் என்று உறுப்பினர்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். என் வழக்கு ஒன்றில் சாட்சி சொல்லவேண்டிய மதிப்பீட்டாளர் அதைக் காட்டி, "இதுக்கு மேல ஒரு பக்கம்கூட எழுத மாட்டேன் சார்" என்று சொன்னதால் அது என் கைக்கு வந்தது. நீங்கள் சொல்லியிருக்கும் காரணம் இதுதான்: அறிக்கை நீண்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கேள்வி கேட்க இடம் கூடுகிறது, குறைவாக எழுதினால் குறைவாகத்தான் கேட்பார்கள்.

நான் சிவில் வழக்கறிஞன். பாகப்பிரிவினை வழக்குகளில் மதிப்பீட்டாளர்களைச் சாட்சியாகக் கொண்டுவந்தும் இருக்கிறேன், எதிரில் நின்று குறுக்கு விசாரணை செய்தும் இருக்கிறேன். எதிரில் நிற்கும்போது எனக்கு மிகவும் வசதியான அறிக்கை உங்கள் படிவத்தில் எழுதப்பட்டதுதான். இதை நான் சொல்வது என் தொழிலுக்கு நஷ்டம். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். யாருடையது என்று தெரியாதபடி இடத்தையும் எண்களையும் மாற்றியிருக்கிறேன். நடந்த விதம் அப்படியே இருக்கிறது.

ஒரு தாலுகா தலைநகரின் கடைவீதியை ஒட்டி 4,800 சதுர அடி மனை, ஏறத்தாழ 11 சென்ட். அதில் முன்பக்கம் இரண்டு கடைகள், மேலே வீடு. அண்ணன், தம்பி, தங்கை மூவருக்கும் சமபங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. இடத்தைத் துண்டாக்கினால் யாருக்கும் உபயோகமில்லை. அதனால் தம்பியும் தங்கையும் சேர்ந்து, 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-வது பிரிவின்படி விற்றுப் பணமாகப் பிரித்துத் தரச் சொன்னார்கள். அண்ணன் 3-வது பிரிவின்படி, அவர்கள் பங்கை மதிப்பீட்டு விலைக்குத் தானே வாங்கிக்கொள்வதாக மனு போட்டார். நான் அண்ணனின் வக்கீல். ஆக மொத்த வழக்கும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: சதுர அடி என்ன விலை?

தங்கை தரப்பு மதிப்பீட்டாளர் நல்ல அனுபவசாலி. அவர் அறிக்கையின் உயிரான பகுதி இரண்டே வரி: "உள்ளூர் விசாரணையில் இப்பகுதியில் மனையின் சந்தை விலை சதுர அடிக்கு ரூ.4,500 முதல் ரூ.5,500 வரை உள்ளதாகத் தெரிகிறது. எனவே ரூ.5,000 எனக் கொள்ளப்படுகிறது." மனைக்கு மட்டும் 2 கோடியே 40 லட்சம். கூடவே வங்கிப் படிவத்தின் பழக்கத்தில், விரைவில் விற்றால் 90 சதவீதம், கட்டாய விற்பனையில் 80 சதவீதம் என்று இன்னும் இரண்டு தொகைகள். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "வரம்புகளும் அனுமானங்களும்" என்று இருபதுக்கு மேற்பட்ட வரிகள். அவற்றில் பாதி இந்தச் சொத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை.

நம் நீதிமன்றங்களில் சாட்சியம் எப்படிப் பதிவாகும் என்று உங்களுக்கும் தெரியும். வக்கீல் கேட்பதைச் சாட்சி ஒப்புக்கொண்டால், கேள்வியின் வாசகமே "என்றால் சரிதான்" என்ற வாலோடு சாட்சியின் வாக்குமூலமாகிவிடும். அன்றைக்குப் பதிவானவற்றில் சில:

"என் அறிக்கையில் எந்தக் கிரையப் பத்திரத்தின் எண்ணும் குறிப்பிடவில்லை என்றால் சரிதான். யாரிடம் விசாரித்தேன் என்ற பெயர்கள் அறிக்கையில் இல்லை என்றால் சரிதான். 4,500 என்பதும் சந்தை விலைதான் என்றால் சரிதான். 4,500-க்கும் 5,000-க்கும் இடையே மனைக்கு 24 லட்ச ரூபாய் வித்தியாசம் என்றால் சரிதான். 4,500-ஐ ஏன் எடுக்கவில்லை என்பதற்கு அறிக்கையில் காரணம் எழுதவில்லை என்றால் சரிதான். என் அறிக்கைப்படியே அந்த மனை 1 கோடியே 92 லட்சத்துக்கும் விற்கக்கூடும் என்றால் சரிதான். கடைகளில் வாடகைதாரர்கள் இருப்பது எனக்குத் தெரியும். அதை அறிக்கையில் குறிப்பிடவில்லை என்றால் சரிதான்."

மறு விசாரணையில் தங்கையின் வக்கீல் ஒரு கட்டுப் பத்திர நகல்களை நீட்டினார். அறிக்கையிலோ ஆவணப் பட்டியலிலோ இல்லாதவை, இப்போது புதிதாக நுழைக்க முடியாது என்று ஆட்சேபித்தேன். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. என் தரப்பு மதிப்பீட்டாளர் இரண்டு பத்திரங்களை இணைத்து 4,200 என்று சொல்லியிருந்தார். அந்த விலைதான் நின்றது.

வழக்கெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் தங்கை தரப்பு மதிப்பீட்டாளர் தன் கோப்பை என்னிடம் காட்டினார். அதில் சரக்கு இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் சதுர அடி 4,900 வாக்கில் வருகிறது. அதாவது அவர் சொன்ன 5,000-க்கு வெகு அருகில். கருத்து சரியாக இருந்தும் அறிக்கை கூண்டில் விழுந்துவிட்டது. 4,900-க்கும் 4,200-க்கும் இடையே மனைக்கு 33 லட்சத்து 60 ஆயிரம். அதில் அந்தத் தங்கையின் பங்கு 11 லட்சத்து 20 ஆயிரம். அவரிடம் நான் கேட்டேன், ஏன் சார் இதையெல்லாம் எழுதவில்லை என்று. "எழுதினா நோண்டுவீங்கன்னுதான்" என்றார். அவர் சொன்னதைத்தான் நீங்கள் இப்போது சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறீர்கள்.

எழுதாமல் விட்ட இடம் காலியாக இருப்பதில்லை. அதை எதிர்த்தரப்பு வக்கீல் தன் வாக்கியங்களால் நிரப்புகிறார், உங்கள் உறுப்பினர் "சரிதான்" என்று முத்திரை குத்துகிறார். சட்டமும் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் நிபுணர் கருத்துக்கு 45-வது பிரிவு, அந்தக் கருத்தின் அடிப்படைகளுக்கு 51-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அவை 39, 45 ஆகியிருக்கின்றன. கருத்து எங்கே வருகிறதோ அங்கே அதன் அடிப்படையும் கூடவே விசாரணைக்கு வரும். இமாச்சலப் பிரதேச அரசு எதிர் ஜெய் லால் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், நிபுணரின் முடிவைச் சோதித்துப் பார்க்கத் தேவையான அளவுகோல்களை நிபுணரே நீதிபதியின் கையில் தர வேண்டும், முடிவெடுப்பது நீதிபதி என்பது. "எனவே ரூ.5,000" என்ற வரியில் நீதிபதி சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

அந்தக் கோப்பில் இருந்ததை வைத்தே, அறிக்கை எப்படி இருந்திருந்தால் என்னால் அசைத்திருக்க முடியாது என்று சொல்கிறேன்.

முதல் பக்கத்தில் கருத்து, ஒரே வாக்கியத்தில். எந்தச் சொத்து, அதில் எந்த உரிமை, எந்தத் தேதியில், எந்த வகை மதிப்பு, எவ்வளவு. ஒரே தொகை. விரைவு விற்பனை, கட்டாய விற்பனைத் தொகைகள் கடனை வசூலிக்க நினைக்கும் வங்கிக்கு வேண்டியவை. பங்காளிகளுக்குள் நியாயமாகப் பிரிக்கும் வழக்கில் அவற்றை யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொன்னதால்தான் 1 கோடியே 92 லட்சம் என்ற ஆயுதம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

அடுத்து, என்ன கேட்டார்கள் என்பது. மதிப்பீட்டுத் தேதி எது என்பது சட்டக் கேள்வி. வழக்குப் போட்ட நாளா, 3-வது பிரிவு உரிமை எழுந்த நாளா, சொத்தைப் பார்வையிட்ட நாளா என்று மதிப்பீட்டாளர் தானாகத் தீர்மானிக்கக் கூடாது. வக்கீல் எழுத்தில் தர வேண்டும், அந்தக் கடிதம் அறிக்கையோடு இணைய வேண்டும். அப்போது கூண்டில் "ஏன் இந்தத் தேதி?" என்று கேட்டால் "எனக்குத் தரப்பட்ட தேதி இது, கடிதம் இணைப்பில் இருக்கிறது" என்று சொல்லி முடித்துவிடலாம். வக்கீல்கள் பலர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு நழுவுகிறோம் என்பதும் உண்மை. அது எங்கள் பக்கத்துக் கோளாறு.

அப்புறம் அடிப்படை. இங்கேதான் நின்று பேச வேண்டும். கோப்பில் இருந்த பத்திரங்களில் மூன்று உபயோகமானவை. முதலாவது, அதே சாலையில் 1,200 சதுர அடி மனை, மதிப்பீட்டுத் தேதிக்கு ஒரு வருடம் முன்பு சதுர அடி 5,600-க்கு விற்றது. இரண்டாவது, அடுத்த தெருவில் 5,100 சதுர அடி, ஆறு மாதம் முன்பு 4,400-க்கு விற்றது. ஆனால் அங்கே சாலை 20 அடி, நம் சொத்தின் முன்னால் 40 அடி. மூன்றாவது, அதே சாலையின் மூலை மனை, ரொம்பக் குறைந்த விலை; விற்றவரும் வாங்கியவரும் சகோதரர்கள். மூன்றாவதை ஒதுக்க வேண்டியதுதான், ஆனால் ஒதுக்கியதையும் காரணத்தையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் வில்லங்கச் சான்றில் அதைக் கண்டுபிடித்து, "சாதகமில்லாத பத்திரத்தை மறைத்துவிட்டீர்கள்" என்பேன்.

முதல் பத்திரத்தில் இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று காலம். அதே பகுதியில் ஒரே மனை மூன்று வருட இடைவெளியில் இரண்டு முறை விற்றதற்கான பத்திரங்கள் கோப்பில் இருந்தன: 3,600-லிருந்து 4,500. வருடத்துக்கு ஏழரை சதவீதத்துக்குச் சற்று மேல். ஏழரை என்றே வைத்தால் 5,600 என்பது 6,020 ஆகிறது. இன்னொன்று அளவு. சின்ன மனைக்கு வாங்க ஆள் அதிகம், சதுர அடி விலையும் அதிகம். பெரிய மனைக்கு அதை அப்படியே போட முடியாது. சிமன்லால் வழக்கில் (1988) உச்ச நீதிமன்றம் ஒப்பீட்டு விற்பனைகளின் கூட்டல், கழித்தல் அம்சங்களை எப்படி எடைபோடுவது என்று விரிவாகச் சொன்னபோது இந்த அளவு விஷயத்தையும் சொல்லியிருக்கிறது. கோப்பில் ஒரே மனைப்பிரிவில் ஒரே வருடத்தில் சின்ன மனை 5,000-க்கும் பெரிய மனை 4,000-க்கும் விற்ற ஜோடிப் பத்திரங்கள் இருந்தன. ஆக 20 சதவீதம் கழிவு. 6,020-இல் 20 சதவீதம் போக 4,816.

இரண்டாவது பத்திரத்தில் ஆறு மாதத்துக்கு 3.75 சதவீதம் கூட்டினால் 4,565. அளவு ஏறக்குறைய சமம், திருத்தம் வேண்டாம். சாலை அகலத்துக்கு 10 சதவீதம் கூட்டினால் 5,020-ஐ ஒட்டி வருகிறது. இரண்டும் 4,800-க்கும் 5,020-க்கும் இடையே சேர்ந்து நிற்கின்றன. 4,900 என்று சொல்வதில் எனக்கு என்ன ஆட்சேபம் இருக்க முடியும்?

ஒன்று இருக்கும். அந்த 10 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்பேன், ஏனென்றால் அதற்குக் கோப்பில் ஜோடிப் பத்திரம் இல்லை. அது மதிப்பீட்டாளரின் அனுபவக் கணிப்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இது ஆவணத்திலிருந்து எடுத்ததல்ல, என் தொழில் அனுபவத்தின் கணிப்பு; 5 சதவீதம் என வைத்தால் 4,793, 15 சதவீதம் என வைத்தால் 5,250" என்று அறிக்கையிலேயே எழுதிவிட்டால், நான் கேட்பதற்கு மிச்சமிருப்பது அவர் ஏற்கனவே சொன்னதைத் திரும்பச் சொல்லவைப்பது மட்டும்தான். தன் கணக்கில் எந்தக் கண்ணி மெலிந்தது என்று தானே சொல்கிற சாட்சியை நீதிபதிகள் நம்புகிறார்கள். எங்கும் மெலிவே இல்லை என்று சாதிக்கிற சாட்சியிடம் அந்தக் கண்ணியை நான் கண்டுபிடிக்கும்போது, மற்ற கண்ணிகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகின்றன.

இங்கே நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். பத்திரத்தில் உண்மை விலை எங்கே இருக்கிறது, வழிகாட்டி மதிப்பைத்தானே எழுதுகிறார்கள், மீதி ரொக்கமாகக் கைமாறுகிறது, அதனால்தான் உள்ளூர் விசாரணை என்று எழுதுகிறோம் என்பீர்கள். இது நியாயமான சங்கடம், நானும் மறுக்கவில்லை. ஆனால் வழி இல்லாமல் இல்லை. வங்கிக் கடனோடு வாங்கிய கிரையங்களில் விலை பெரும்பாலும் உண்மைக்கு அருகில் இருக்கும். கடன் தொகை தெரிய அடமானப் பதிவு அதே வில்லங்கச் சான்றில் அடுத்த வரியில் நிற்கிறது. வழிகாட்டி மதிப்பைவிடத் தெளிவாக மேலே எழுதப்பட்ட கிரையங்களைத் தனியே பொறுக்கலாம். விசாரித்தவர்களின் பெயர், தேதி, அவர் சொன்னது விற்ற விலையா கேட்கிற விலையா என்பதை அன்றே ஒரு தாளில் குறித்து இணைக்கலாம். அந்த ஆள் சாட்சிக்கு வராதவரை அவர் சொன்னது விலைக்கு நேரடி நிரூபணம் ஆகாது. பத்திரங்களிலிருந்து கிடைத்த தொகைக்குத் துணையாக மட்டும் நிற்கும். அந்த எல்லையையும் அறிக்கையே சொல்லிவிட வேண்டும். இத்தனை செய்தும் சான்று மெலிதாகத்தான் இருக்கிறதென்றால், விலையை ஒரு வரம்பாகச் சொல்லி, அந்த வரம்புக்குள் இந்தத் தொகையை ஏன் எடுத்தேன் என்று எழுதுங்கள்.

வழிகாட்டி மதிப்பின் மேல் சாய்ந்துகொள்ளும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முத்திரைத் தீர்வைக்காக வைத்திருக்கும் மதிப்புப் பதிவேட்டை வைத்துச் சந்தை விலையை நிர்ணயிக்க முடியாது என்று ஜவாஜி நாகநாதம் வழக்கிலேயே (1994) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013 நிலம் கையகச் சட்டத்தில் அதற்குத் தனி இடம் உண்டு, அது வேறு கதை. இன்னொரு ஆபத்து, அதை வைத்து விலை உயர்வைக் கணக்கிடுவது. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது, 2023-இல் பழைய நிலைக்கு ஏற்றப்பட்டது. 67-ஐ 100 ஆக்கினால் ஏறக்குறைய 50 சதவீத உயர்வு. இந்த இரண்டு வருடங்களின் வழிகாட்டி மதிப்பை ஒப்பிட்டு "சந்தை 50 சதவீதம் உயர்ந்திருக்கிறது" என்று எழுதிய அறிக்கை ஒன்று என் மேசைக்கே வந்திருக்கிறது. அந்தக் குறுக்கு விசாரணை நான்கு கேள்வியில் முடிந்தது.

கட்டடத்துக்கு நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 35 வயது, மொத்த ஆயுள் 60, கழிவுமதிப்பு 10 சதவீதம் என்று தேய்மானம் 52.5 சதவீதம் போட்டிருந்தார். கணக்கு சரி. 60 என்பது எதனால், 35 என்று எந்த ஆவணம் சொல்கிறது, கூரையில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரிந்ததா இல்லையா என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும்.

அனுமானங்களுக்கு வருகிறேன். உங்கள் படிவம் அதிகம் சொதப்புவது இதில்தான். எல்லாவற்றையும் கடைசிப் பக்கத்தில் கொட்டினால் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். "ஆவணங்கள் உண்மையானவை என்று கொண்டு", "அளவுகள் சரி என்று கொண்டு", "பூகம்ப பாதிப்பு ஆராயப்படவில்லை" என்று வரிசையாக. கூண்டில் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கவைத்து, "இது தவறானால் உங்கள் மதிப்பு மாறுமா?" என்று கேட்பேன். "மாறும்." அடுத்தது? "மாறும்." ஐந்தாவது வரிக்குள் அந்தத் தொகைக்கு அடியில் தரையே இல்லாததுபோல் தோன்றிவிடும். எவ்வளவு மாறும் என்று அறிக்கை சொல்லாததால் எல்லா வரியும் ஒரே கனத்தில் ஒலிக்கும்.

தானே போய்ப் பார்த்தது, ஆவணத்தில் படித்தது, பிறர் சொல்லக் கேட்டது, சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது என்று நான்கும் வேறு வேறு. 4,800 சதுர அடி என்பது பத்திரத்திலிருந்தா, புல வரைபடத்திலிருந்தா, நாடா பிடித்து அளந்ததா? அளந்தால் "அளந்தேன்" என்று எழுதினால் அது அனுமானமே அல்ல. அளக்கவில்லை என்றால், ஒரு சதுர அடி குறைந்தால் 4,900 ரூபாய் குறையும் என்று அதே இடத்தில் சொல்லிவிடலாம். அனுமானம் எந்தக் கணக்கில் நுழைகிறதோ அந்தக் கணக்கின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

உண்மைக்கு மாறானது என்று தெரிந்தே வைத்துக்கொள்ளும் அனுமானம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டியது. கடைகளில் ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் காலியாக இருப்பதாக வைத்து மதிப்பிடுவது அப்படிப்பட்டது. யாராவது அப்படிக் கேட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் கேட்டவர் யார், எதற்காக, இருக்கிறபடி மதிப்பிட்டால் என்ன வித்தியாசம் என்ற மூன்றும் அறிக்கையில் வர வேண்டும். அந்த வழக்கில் கடைக்கு வாடகை தலா 6,000. அந்த வீதியில் புதிதாகக் கொடுத்தால் 15,000 கிடைக்கும். இரண்டு கடைக்கும் சேர்த்து மாதம் 18,000, வருடம் 2 லட்சத்து 16 ஆயிரம் வருமானம் குறைகிறது. காலி செய்து பெற நான்கு வருடம் ஆகும் என்று வைத்து 8 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 7 லட்சத்துச் சொச்சம். இந்த நான்கு வருடம் மதிப்பீட்டாளர் சொல்லக்கூடியதல்ல. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் அந்த வாடகைதாரர்களின் நிலை என்ன என்று பார்த்து வக்கீல் எழுதித் தர வேண்டியது. தந்தால், "காலியாக இருந்தால் இவ்வளவு, இருக்கிறபடி 7 லட்சம் குறைவு, காலம் வக்கீல் கடிதப்படி" என்று எழுதிவிடலாம். மொத்த மனைக்கே இரண்டேகால் கோடிக்கு மேல் இருக்கும் இடத்தில் 7 லட்சம் பெரிய தொகையல்ல. ஆனால் அதை மறைத்ததாக நான் காட்ட முடிந்தபோது அந்தச் சாட்சியின் நாணயமே கேள்விக்குள்ளானது. பிறகு அவர் சொன்ன எந்த எண்ணுக்கும் மரியாதை இருக்கவில்லை.

இப்படி எழுதினால் அறிக்கை பன்னிரண்டு, பதினைந்து பக்கம் ஆகும், இணைப்புகள் தனி. ஆகட்டும். வங்கி அறிக்கைக்கு வாங்குகிற கட்டணத்தில் இதை எதிர்பார்க்க முடியாது என்பதும் சரி. கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள். 11 லட்சம் இழந்தவர் கூடுதலாகச் சில ஆயிரம் தர மறுத்திருக்க மாட்டார்.

ஆகவே சங்கத்திடம் நான் கேட்பவை இவை.

நீதிமன்ற வழக்குகளைப் பொறுத்தவரை அந்தச் சுற்றறிக்கையை அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே திரும்பப் பெறுங்கள். வங்கிப் படிவம் வங்கிக்கு மட்டும் என்று எழுத்தில் அறிவியுங்கள்.

நீதிமன்ற அறிக்கைக்குத் தனி வடிவம் ஒன்றை வகுத்து வெளியிடுங்கள். அதில் ஒரே மதிப்பு, ஒரே தேதி இருக்க வேண்டும். வக்கீலின் எழுத்துபூர்வக் கோரிக்கைக் கடிதம் இணைப்பாக இல்லாமல் உறுப்பினர்கள் கையெழுத்திடக் கூடாது என்று விதி வையுங்கள். எடுத்துக்கொண்ட, ஒதுக்கிய பத்திரங்கள் இரண்டும் எண்ணோடும் காரணத்தோடும் வர வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆவண அடிப்படையா, அனுபவக் கணிப்பா என்று குறிக்க வேண்டும். கணிப்பு என்றால் அதை ஏற்றி இறக்கினால் தொகை எவ்வளவு மாறும் என்று காட்ட வேண்டும். பொதுவான அனுமானப் பட்டியலை நீக்கிவிட்டு, அந்தச் சொத்துக்கு உண்மையில் பொருந்துகிற அனுமானத்தை மட்டும் கணக்கின் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

களக் குறிப்பு, விசாரணைத் தாள், புகைப்படம், பத்திர நகல் அடங்கிய கோப்பை மேல்முறையீடு முடியும்வரை வைத்திருக்க வேண்டும் என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துங்கள். கூண்டுக்கு வரும்போது அந்தக் கோப்பு கையில் இருக்க வேண்டும், அதன் உள்ளடக்கம் அறிக்கையின் பட்டியலில் ஏற்கனவே இருக்க வேண்டும்.

கட்டணம் வழக்கின் முடிவையோ மதிப்பின் அளவையோ பொறுத்ததல்ல என்ற உறுதிமொழியை அறிக்கையின் கையெழுத்துக்கு மேலே சேர்க்கச் சொல்லுங்கள். அதையும் நாங்கள் கேட்போம்.

கடைசியாக, வழக்கறிஞர் சங்கத்தோடு சேர்ந்து மாதிரிக் குறுக்கு விசாரணை ஒன்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் உறுப்பினர்கள் தங்கள் பழைய அறிக்கைகளோடு கூண்டில் ஏறட்டும். கேள்வி கேட்க நான் வருகிறேன், கட்டணம் வேண்டாம். இந்த மடலுக்கான பதிலை உறுப்பினர்கள் எல்லோருக்கும் நகலிட்டு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிவில் வழக்குகளில் உங்கள் உறுப்பினர்களை அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு வழக்கறிஞன்